4 சென்டிமீட்டரில் ஒரு கல், 18 சென்டிமீட்டரில் உதரவிதானம்

கதிரியக்கவியல் முதுநிலைப் படிப்பின் முதல் ஆண்டில், வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில், உடல்மேல் வைத்து ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் இரண்டு புரோப்கள் எனக்கு அறிமுகமாயின. வளைந்த முகம் கொண்ட கான்வெக்ஸ் புரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்தது. தட்டை முகம் கொண்ட லீனியர் புரோப் 5 முதல் 12 வரை. வயிறு என்றால் வளைந்தது, கழுத்து என்றால் தட்டையானது என்று முன்னே சென்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும் என்ற பாடமும் தேர்வுக்கு எழுதும் அளவுக்குத் தெரிந்திருந்தது. ஆழம் என்பது எதிலிருந்து எதுவரை என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் காலையில், முப்பது வயதை ஒட்டிய மிக மெலிந்த பெண் ஒருவர் வெறும் வயிற்றோடு வந்தார். சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் வலிக்கிறது என்றார். கான்வெக்ஸ் புரோப்பை எடுத்தேன். அதற்கு முன் பார்த்த பருமனான நோயாளிக்கு வைத்த அமைப்பு அப்படியே இருந்தது: திரையில் ஆழம் 16 சென்டிமீட்டர், ஃபோகஸ் 10-இல், அதிர்வெண் ஆழத்துக்காகக் குறைத்து வைக்கும் Pen நிலையில். பித்தப்பை திரையின் மேல் ஓரத்தில் சிறிதாகத் தெரிந்தது. அதன் பின்சுவரில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதன் கீழே நிழல் இல்லை. அவரை ஒருக்களிக்கச் சொன்னேன்; புள்ளி நகர்ந்ததா என்று அந்தச் சிறிய படத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல் என்றால் கீழே நிழல் விழும்; நிழல் இல்லாததால் பித்தப்பைச் சுவரில் வளரும் சிறு சதையான பாலிப் என்று குறித்தேன்.

எங்களை மேற்பார்வையிட்ட பேராசிரியை படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் புள்ளி தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?”

“பார்க்கவில்லை, மேடம்.”

“அளந்து பாருங்கள்.”

அளந்தேன். 4 சென்டிமீட்டர். அவர் ஆழத்தை 7-க்குக் குறைத்தார், ஃபோகஸைப் புள்ளியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார், Pen நிலையிலிருந்து, நுணுக்கத்துக்காக அதிர்வெண்ணை உயர்த்தும் Res நிலைக்கு மாற்றினார். புள்ளியின் கீழே மெல்லிய, கோடு போன்ற ஒரு நிழல் விழுந்தது. பிறகு லீனியர் புரோப்பை வைத்து ஏறத்தாழ 9 மெகாஹெர்ட்ஸில் பார்த்தார். ஒரு புள்ளி என்று நான் நினைத்தது அருகருகே கிடந்த இரண்டு கற்கள். ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு நிழல். அந்தப் பெண் இடப்பக்கம் திரும்பியபோது இரண்டும் உருண்டு பித்தப்பையின் கழுத்துப் பக்கம் போயின. பாலிப் என்று அறிக்கை போயிருந்தால் சில மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருப்பார்கள். வலிக்குக் காரணம் வேறெங்கோ தேடப்பட்டிருக்கும்.

வயிற்றில் லீனியர் புரோப் எப்படி எடுபட்டது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு அவர் ஒரு தாளின் ஓரத்தில் போட்ட கணக்கை இன்றும் நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். மென்திசுவில் ஒலி போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் தோராயமாக 1 டெசிபெல் வலு குறைகிறது. ஆகவே ஆழத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் இழப்பு கிடைத்துவிடும். 12 சென்டிமீட்டர் ஆழத்தை 3 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் இழப்பு 36 டெசிபெல். 4 சென்டிமீட்டரை 9 மெகாஹெர்ட்ஸில் பார்த்தாலும் அதே 36 தான். அந்தப் பெண்ணின் பித்தப்பைக்கு 9 மெகாஹெர்ட்ஸ் என்பது துணிச்சலான தேர்வே அல்ல. 3-இல் பார்த்ததுதான் வீண் சிக்கனம்.

நிழல் ஏன் முதலில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர். எனவே 3 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மில்லிமீட்டர், 9-இல் அதில் மூன்றில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் அலை 3 மில்லிமீட்டர் கல்லைக் காட்டப் போதாதா என்று கேட்கலாம். காட்டத்தான் செய்தது, ஒலிக்கற்றையின் அகலம்தான் சிக்கல். அதிர்வெண் குறைந்து, ஃபோகஸும் 10 சென்டிமீட்டரில் இருந்ததால், 4 சென்டிமீட்டரில் கற்றை இன்னும் ஒடுங்காமல் கல்லைவிட அகலமாக இருந்தது. கல்லின் இரு புறமும் வழிந்து சென்ற ஒலி பின்னால் உள்ள திசுவிலிருந்து திரும்பி வந்து, நிழல் இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிவிட்டது. கற்றை கல்லைவிடக் குறுகினால்தான் நிழல் தெரியும். அதனால் சிறு கல்லைத் தேடும்போது அதிர்வெண்ணை மட்டும் உயர்த்திவிட்டு ஃபோகஸை மறந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

இந்தப் பாடத்தை நான் அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டேன் என்பது சில வாரங்களில் தெரிந்தது. பருமனான ஒருவரின் கல்லீரலை, படம் கூர்மையாக இருக்கட்டும் என்று கான்வெக்ஸ் புரோப்பின் மேல் எல்லையான 5 மெகாஹெர்ட்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பகுதி அழகாக வந்தது. கீழே போகப் போக இருட்டு. உதரவிதானத்தின் வெள்ளைக் கோடே தெரியவில்லை. கல்லீரலில் கொழுப்பு மிகுந்தால் ஒலி உள்ளே தேய்ந்து, உதரவிதானம் மறையும் என்று படித்திருந்தேன். ஆகவே கடுமையான கொழுப்புக் கல்லீரல் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

எழுதுவதற்கு முன், திரும்பி வரும் ஒலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் கூட்டிப் பார்த்தேன். இருண்ட பகுதி வெளுத்தது. ஆனால் அந்த வெளுப்பில் உருவம் இல்லை. புரோப்பை அசைக்காமல், மூச்சையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பார்த்தால், உண்மையான திசுவின் மணல் போன்ற புள்ளிகள் இடத்தில் நிற்கும். இயந்திரத்தின் சொந்த இரைச்சலோ கொதிக்கும் நீர்போலத் துள்ளிக்கொண்டே இருக்கும். அன்று துள்ளியது. திரும்பி வராத ஒலியைக் கெயின் எங்கிருந்து கொண்டுவரும்?

அப்போது கணக்கு நினைவுக்கு வந்தது. தோலிலிருந்து உதரவிதானம் வரை 18 சென்டிமீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 90 டெசிபெல். அதிர்வெண்ணை 2.5-க்கு இறக்கினால் 45. இடையில் உள்ள 45 டெசிபெல் என்பது வலுவில் முப்பதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. Pen நிலைக்கு மாற்றி, ஃபோகஸையும் கீழே இறக்கியதும் உதரவிதானம் தெளிவாகவே வந்தது. கல்லீரல் வலது சிறுநீரகத்தைவிடச் சற்றே வெளுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவருக்கு லேசான கொழுப்புதான். கடுமை என் அதிர்வெண்ணில் இருந்தது. படம் சற்று முரடாக இருந்தது உண்மை. ஆனால் அங்கே கேள்வி உதரவிதானம் தெரிகிறதா என்பது. அதற்கு மில்லிமீட்டர் நுணுக்கம் தேவையே இல்லை.

இப்போது என்னிடம் பயிலுபவர்கள், உறுப்பு திரையில் வந்ததும் படத்தை நிறுத்தி, தோலிலிருந்து பார்க்க வேண்டிய பொருளின் பின் எல்லை வரை அளந்து, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அதிர்வெண்ணைத் தொடலாம். என் வழக்கம், படம் ஆழத்தில் இரையத் தொடங்கும் வரை அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டே போய், அங்கிருந்து ஒரு படி இறங்கி நிற்பது. நேர்மாறாக, குறைந்ததில் தொடங்கினால் படம் “நன்றாகத்தானே இருக்கிறது” என்று அங்கேயே நின்றுவிடுகிறோம்.

சென்ற மாதம் ஒரு மாணவி கணையத்தை அளந்து “7 சென்டிமீட்டர், மேடம்” என்றார். புரோப்பை மெல்ல, நோயாளியின் மூச்சு வெளியேறும்போது அழுத்தச் சொன்னேன். முன்னால் இருந்த குடல்வாயு விலகியது, கொழுப்பு அமுங்கியது. மீண்டும் அளந்தபோது 5. அவர் என்னைக் கேட்காமலேயே அதிர்வெண்ணை ஒரு படி உயர்த்தினார். கணையக் குழாயின் இரண்டு சுவர்களும் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தன.