டேப் எக்ஸ்டென்ஷனுக்கு ஸ்டோர் பக்கம் எழுதிய அனுபவம்

நானும் நண்பனும் சேர்ந்து எழுதிய எக்ஸ்டென்ஷனின் வேலை எளிமையானது. திறந்து கிடக்கும் டேப்களை ஒரு பெயர் கொடுத்து மொத்தமாகச் சேமித்து மூடிவிடும். வேண்டும்போது தேடி எடுத்துத் திரும்பத் திறந்துகொள்ளலாம். டேப் மூட்டை என்று பெயர் வைத்தோம். கோடிங் முடிந்ததும் குரோம் வெப் ஸ்டோரில் ஏற்றும் வேலையில், பெயர், சுருக்கம், நீண்ட விவரம் ஆகிய மூன்றையும் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த மூன்றும் எப்படி உருவாயின என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டாஷ்போர்டைத் திறந்தால் `Title from package`, `Summary from package` என்று இரண்டு வரிகள் தெரியும், ஆனால் அங்கே அவற்றைத் திருத்த முடியாது. இரண்டும் `manifest.json` கோப்பிலிருந்து வருபவை. பெயருக்கு 75 எழுத்து, சுருக்கத்துக்கு 132 எழுத்து வரை அனுமதி. நீண்ட விவரம் மட்டும்தான் டாஷ்போர்டில் நேரடியாக எழுதுவது, அதற்கு 16,000 எழுத்து வரை இடம் உண்டு. ஆகவே பெயரில் ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் பதிப்பு எண்ணைக் கூட்டி, புது ஜிப் ஏற்றி, மறுபடி பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பெயரையும் சுருக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் விவரத்தைத் தொட்டேன்.

பல மொழிகளில் பக்கம் வேண்டும் என்றால் `manifest.json` கோப்பில் நேரடியாக எழுதாமல் `__MSG_extName__` மாதிரி குறிப்பு மட்டும் வைத்து, மொழிக்கொரு கோப்பில் உண்மையான வரியை எழுத வேண்டும். தமிழுக்கு `_locales/ta/messages.json`. கூடவே `default_locale` கொடுத்திருக்க வேண்டும். `_locales` ஃபோல்டர் இருந்து அது இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் லோடே ஆகாது. எங்கள் தமிழ்க் கோப்பு கடைசியில் இப்படி நின்றது:

```json
{
  "extName": {
    "message": "டேப் மூட்டை: டேப்களைச் சேமித்துத் திறக்க"
  },
  "extDesc": {
    "message": "திறந்திருக்கும் டேப்களை ஒரே கிளிக்கில் பெயரிட்டுச் சேமித்து மூடுங்கள்; பிறகு தேடித் திறக்கலாம். எல்லாம் உங்கள் கணினியிலேயே."
  }
}
```

பெயரை முடிவு செய்வதில்தான் எங்களுக்குள் அதிகப் பேச்சு நடந்தது. நண்பன் வெறும் டேப் மூட்டை போதும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தேடுகிறவருக்கு எங்கள் பெயர் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தன் பிரச்சினை மட்டுமே. டேப், சேமிக்க, திறக்க மாதிரியான சொற்களைத்தான் அவர் தட்டுவார். எனவே முன்னால் பெயர், பின்னால் வேலை என்று வைத்தோம். வரிசையும் முக்கியம்: தேடல் முடிவில் பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும். வெட்டுப்பட்டாலும் புரிகிற பகுதி முன்னால் இருக்க வேண்டும். 75 வரை இடம் இருக்கிறதே என்று நிரப்பவில்லை. இந்தப் பெயர் ஸ்டோரோடு நிற்பதில்லை. இன்ஸ்டால் செய்யும்போது வரும் பெட்டியிலும், எக்ஸ்டென்ஷன் பட்டியலிலும் இதே பெயர்தான் வரும். இடம் குறைவான மூலைகளுக்கு `short_name` என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு டேப் மூட்டை என்று மட்டும் கொடுத்தோம்.

பெயருக்குள் பிரவுசரின் பெயரைச் சேர்க்கலாமா என்றும் யோசித்தோம். அதே ஜிப்பை எட்ஜ் ஸ்டோரிலும் ஏற்றும் எண்ணம் இருந்ததால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மற்ற டேப் எக்ஸ்டென்ஷன்களின் பெயர்களைத் தேடலுக்காக எங்காவது நுழைப்பதை இரண்டு பேருமே ஏற்கவில்லை. அது விதிக்கும் எதிரானது, தேடி வருபவரை ஏமாற்றுவதும்கூட.

சுருக்கத்துக்கு வருவோம். நண்பன் முதலில் அனுப்பிய வரி: டேப்களை எளிதாக நிர்வகியுங்கள், வேகமானது, எளிமையானது, அழகானது. டேப் என்ற சொல்லை எடுத்துவிட்டு புக்மார்க் என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போதும் அந்த வரி பொருந்தியது. அப்படியென்றால் எங்கள் எக்ஸ்டென்ஷனைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. டேப் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே மாதிரியும் இல்லை. சில, டேப்பை மூடாமல் தூங்க வைக்கும். டேப் வரிசையிலேயே நிற்கும், கிளிக் செய்தால் மறுபடி லோடாகும். சில, குழுக்களாகப் பிரித்து அடுக்கும். எங்களுடையது சேமித்து மூடுவது. ஆக சுருக்கத்தில் மூடுங்கள் என்ற சொல் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், பொத்தானை அழுத்தியதும் டேப்கள் மறைவதைப் பார்த்து ஒருவர் பதறுவார்.

தமிழில் எழுதும்போது நீளத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது. பிரவுசர் கன்சோலில் வரியை ஒட்டி `.length` போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கில் புள்ளியும் கொம்பும் தனித்தனி. `"டேப்".length` என்றால் 4 வரும். மேலே உள்ள சுருக்கம் அந்தக் கணக்கில் 123. இப்படிக் கறாராக எண்ணியே 132-க்குள் நின்றுவிட்டால் கவலை இல்லை.

சுருக்கத்தின் கடைசி வாக்கியம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டேப்பின் தலைப்பும் முகவரியும் தெரியாமல் அதைச் சேமிக்க முடியாது. அவற்றைப் படிக்க `tabs` அனுமதி வேண்டும். அது இல்லாமலும் டேப்பைத் திறக்கலாம், மூடலாம், ஆனால் எந்த டேப் எது என்று தெரியாது. இந்த அனுமதி கேட்டால் இன்ஸ்டால் பெட்டியில் `Read your browsing history` என்று ஓர் எச்சரிக்கை வரும். நாங்கள் ஹிஸ்டரியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அந்த அனுமதிக்கு பிரவுசர் காட்டுகிற வாசகம் அதுதான், அதை நாங்கள் மாற்ற முடியாது. சோதித்துப் பார்க்கக் கொடுத்த தோழி அந்தப் பெட்டியில் அப்படியே நின்றுவிட்டாள். "இது நான் பார்க்கிறதை எல்லாம் படிக்குமாடா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஸ்டோரில் வருகிறவர் என்னிடம் கேட்க மாட்டார், ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். எனவே பெட்டி வருவதற்கு முன்பே பதில் அவர் கண்ணில் பட வேண்டும். சுருக்கத்தில் ஒரு வாக்கியம், நீண்ட விவரத்தில் ஒரு பத்தி என்று முடிவானது.

எல்லாம் உங்கள் கணினியிலேயே என்று எழுதும் முன், அது உண்மையா என்று எங்கள் கோடிங்கை வரிவரியாகப் பார்த்தோம். டேப் எக்ஸ்டென்ஷன்களில் இந்த வாக்குறுதி சத்தமில்லாமல் உடைகிற இடம் ஒன்று உண்டு: தளங்களின் குட்டி ஐகான்கள். ஐகானை வெளிச் சேவை ஒன்றிலிருந்து எடுத்தால், சேமித்த ஒவ்வொரு தளத்தின் முகவரியும் அந்தச் சேவைக்குப் போகிறது. `favIconUrl` முகவரியை அப்படியே படமாகக் காட்டினாலும், பட்டியலைத் திறக்கும்போது அந்தந்தத் தளத்துக்கு ஒரு கோரிக்கை போகலாம். அதனால் `favicon` அனுமதியைச் சேர்த்து, பிரவுசரிடமே இருக்கும் ஐகானை `_favicon/` வழியாக எடுக்கும் முறையில் வைத்தோம். சோதிப்பது சுலபம்: பட்டியல் பக்கத்தில் டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றிப் பார்த்தால், வெளியே ஒரு கோரிக்கையும் போகக் கூடாது. அதைப் பார்த்த பிறகே அந்த வாக்கியத்தை எழுதினோம். டாஷ்போர்டின் பிரைவசி பகுதியிலும் ஒவ்வோர் அனுமதிக்கும் காரணம் கேட்பார்கள். அங்கே சொல்வதும் ஸ்டோர் பக்கத்தில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நீண்ட விவரம் வெறும் எழுத்துதான். தடித்த எழுத்து, தலைப்பு எதுவும் எடுபடாது, பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி விடலாம், அவ்வளவே. 16,000 எழுத்தை எட்டும் ஆசை எங்களுக்கு இல்லை. எட்ஜ் ஸ்டோர் குறைந்தது 250, அதிகபட்சம் 10,000 எழுத்து கேட்கிறது, ஒரே உரை இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதும் ஒரு காரணம். முதல் பத்தியில் என்ன நடக்கும் என்பதை நடக்கும் வரிசையிலேயே எழுதினேன்: பொத்தானை அழுத்தினால் இந்த ஜன்னலில் உள்ள டேப்கள் பட்டியலாகும், பெயர் கேட்கும், பிறகு மூடும்; `Pin` செய்து வைத்த டேப்களைத் தொடாது. இரண்டாவது பத்தி அந்த எச்சரிக்கைக்கு:

"இன்ஸ்டால் செய்யும்போது உலாவல் வரலாற்றைப் படிக்கும் என்று பிரவுசர் சொல்லும். டேப்களின் தலைப்பையும் முகவரியையும் படிக்கக் கேட்கும் அனுமதிக்கு வரும் எச்சரிக்கை அது. நீங்கள் சேமிக்கச் சொல்லும் டேப்களை மட்டுமே பதிந்துகொள்கிறோம். அந்தப் பதிவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது."

மூன்றாவது பத்திதான் எனக்குப் பிடித்தது, எதைச் செய்யாது என்பது. மூடிய டேப்பைத் திரும்பத் திறந்தால் பக்கம் புதிதாக லோடாகும். பாதி நிரப்பிய படிவம் திரும்ப வராது. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் சேமித்தவையும் அதோடு அழியும், ஏனென்றால் `chrome.storage.local` உள்ளடக்கம் எக்ஸ்டென்ஷனோடு போய்விடும். ஏதோ கோளாறு என்று நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவது பலருக்குப் பழக்கம். எனவே நீக்கும் முன் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாக எழுதினோம். இப்படி எழுதினால் ஆட்கள் பயந்து போய்விடுவார்களே என்றான் நண்பன். சேர்த்து வைத்ததை இழந்துவிட்டு வந்து ஒற்றை நட்சத்திரம் போடுவதைவிட, முன்பே தெரிந்துகொண்டு போவது அவருக்கும் நல்லது என்றேன். சரி என்றான்.

மெமரி இத்தனை சதவீதம் மிச்சம் என்ற வரியைச் சேர்க்கவில்லை. மிச்சமாவது உண்மை, ஆனால் எவ்வளவு என்பது திறந்திருக்கும் பக்கங்களைப் பொறுத்தது. சோதித்தவர்களின் பாராட்டையும் போடவில்லை; பெயரில்லாத பாராட்டுரைகளை ஸ்டோர் விதி அனுமதிப்பதில்லை. இன்னொரு விதி, ஒரே சொல்லை இயல்புக்கு மாறாக 5 முறைக்கு மேல் திரும்பத் திரும்பப் போடுவது குறித்தது. அது சொல் திணிப்பாகக் கருதப்படும். நிராகரிப்புக் கடிதத்தில் `Yellow Argon` என்று குறி வரும். டேப் எக்ஸ்டென்ஷனில் டேப் என்ற சொல் வராமல் எப்படி எழுதுவது? தேவையான வாக்கியத்தில் அது வரட்டும் என்று விட்டேன். ஆனால் டேப் மேனேஜர், டேப் சேவர், டேப் ஆர்கனைசர் என்று கடைசியில் வரிசையாக ஒரு பட்டியல் போடும் வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யவில்லை. உரையைச் சத்தமாகப் படித்து, காதில் உறுத்திய இடத்தில் அவற்றை, பட்டியலை என்று மாற்றினேன்.

குரோமின் டேப் குழுக்களையும் பெயர், நிறத்தோடு சேமிக்கும் வசதி அடுத்த பதிப்புக்கு என்று வைத்திருக்கிறோம். விரைவில் வரும் என்று விவரத்தில் ஒரு வரி போட நண்பன் கேட்டான்; இப்போது இல்லாததைப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அதற்கு `tabGroups` அனுமதி வேண்டும். புது எச்சரிக்கை கொண்டுவரும் அனுமதியை அப்டேட்டில் சேர்த்தால், பயனர் ஒப்புக்கொள்ளும் வரை பிரவுசர் எக்ஸ்டென்ஷனை முடக்கி வைக்கும். சேமித்த பட்டியலைத் தேடி வருபவர் அன்று அதைத் திறக்க முடியாமல் நிற்பார். எனவே அந்த அனுமதியை `optional_permissions` பகுதியில் வைத்து, குழுக்களைச் சேமிக்க விரும்புபவரிடம் மட்டும் அந்த நேரத்தில் கேட்பது என்று திட்டம். அது வெளிவரும் நாளில் விவரத்தின் இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் கூடும்.