தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில்

மார்ச் 2

இன்று எண்ணிப் பார்த்தேன். காலை ஐந்து மணி, எட்டரை, பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, அப்புறம் நள்ளிரவில் ஒரு தடவை. ஒரு நாளில் ஏழு முறை மூக்கில் சொட்டு மருந்து. ஜனவரியில் சளி பிடித்தபோது வாங்கிய பாட்டிலில் ஆரம்பித்தது, இப்போது நான்காவது பாட்டில் நடக்கிறது. சளி பிப்ரவரி பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. தும்மல் இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. அடைப்பு மட்டும் போகவில்லை.

முதல் வாரத்தில் இரண்டு சொட்டு விட்டால் எட்டு மணி நேரம் தாங்கும். இப்போது மூன்று மணி நேரம்கூட வருவதில்லை. பாட்டிலின் பெட்டியை இன்றுதான் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். சைலோமெட்டசோலின் 0.1 சதவீதம். கீழே பொடி எழுத்தில், சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. நான் ஏழு வாரம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 4

அக்கா "மூக்குல சதை வளர்ந்திருக்கும், ஆபரேஷன்தான்" என்று பயமுறுத்தியிருந்ததால் அந்தக் கேள்வியோடுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சொட்டு மருந்து போடறீங்க, எத்தனை நாளா?" என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது போல.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது. அது எல்லோருக்கும் இருப்பது, புதிதாக வளர்ந்ததல்ல. அதற்குள் பஞ்சு மாதிரி ரத்தக் குழாய்கள். ரத்தம் நிரம்பினால் வீங்கி அடைக்கும், வடிந்தால் வழி விடும். சொட்டு மருந்து அந்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகிறது, அதனால்தான் சில நிமிடத்தில் மூக்கு திறக்கிறது. நாள்கணக்கில் போட்டால் குழாய்கள் மருந்துக்கு மசிவதில்லை. இறுக்கம் விட்டதும் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. அந்த வீக்கத்துக்கு நாம் மறுபடி சொட்டு விடுகிறோம்.

"இப்ப உங்களுக்கு அடைக்கறது சளியால இல்ல, மருந்தால" என்றார். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளோடு நிறுத்தியிருக்க வேண்டுமாம். அதே வகையைச் சேர்ந்த ஆக்ஸிமெட்டசோலின் ஸ்ப்ரேக்கும் இதே கணக்குதான்.

ஒரேயடியாக நிறுத்தலாம், ஆனால் நாலைந்து இரவு தூக்கம் போகும். நான் முகம் சுளித்ததைப் பார்த்து இன்னொரு வழி சொன்னார்: முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது. வலது மூக்கில் வழக்கம்போலச் சொட்டு, இடது மூக்கில் ஒரு சொட்டும் கிடையாது. இடது தானாகத் திறந்த பிறகு வலதையும் நிறுத்த வேண்டும். கூடவே இரண்டு பக்கமும் ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, அதற்கு முன் உப்புநீர்க் கழுவல்.

மார்ச் 5

உப்புநீரில் முதல் நாளே சொதப்பினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணளவாக ஒரு சிட்டிகை உப்பு போட்டு உள்ளே விட்டதும், கிணற்றில் குதித்து மூக்கில் தண்ணீர் ஏறினால் வருமே, அந்த எரிச்சல். உப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் சேர்த்தேன். இன்னும் எரிந்தது.

விஷயம் நேர் எதிர். நம் உடம்பின் நீருக்கு ஒத்த உப்பு இருந்தால் எரியாது, குறைந்தாலும் எரியும். லிட்டருக்கு 9 கிராம் என்பது கணக்கு. 250 மில்லிக்கு இரண்டே கால் கிராம், அதாவது சின்னத் தேக்கரண்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் மென்மையாக இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் மருத்துவர் கறாராக இருந்தார். குழாய்த் தண்ணீரில் அபூர்வமாக இருக்கும் ஒருவகை அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கி உயிரை எடுத்துவிடும்.

மார்ச் 6

அளந்து போட்டதும் எரிச்சல் இல்லை. தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் துவாரத்தில் மெதுவாகப் பிழிந்தால் கீழ்த் துவாரத்தில் வடிகிறது. இடது பக்கம் அடைத்திருப்பதால் அங்கே சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அவசரப்பட்டு அழுத்தியதில் காதில் குப்பென்று ஒரு நெரிசல். அப்புறம் அழுத்தவில்லை, மூக்கை இறுக்கிப் பிடித்துச் சிந்தவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து செருப்பு மாட்டக் குனிந்தேன். எங்கேயோ தங்கியிருந்த தண்ணீர் மூக்கிலிருந்து தரையில் கொட்டியது.

மார்ச் 8

இடது பக்கம் நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. சுவர் மாதிரி அடைத்திருக்கிறது, நெற்றியில் மந்தமான வலி. ஆனால் வலதில் காற்று போகிறது, அதனால் வாய் உலரவில்லை, தூங்க முடிகிறது. இந்த முறையின் சாமர்த்தியமே அதுதான். இரண்டும் ஒன்றாக அடைத்திருந்தால் நள்ளிரவில் நான் பாட்டிலைத் திறந்திருப்பேன்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே மேல் கோபமாக இருக்கிறது. அடித்தால் எதுவுமே நடப்பதில்லை. சொட்டு மருந்து போல உடனே திறக்காது, மெல்ல வீக்கத்தைத் தணிக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று சொல்லியிருந்தார். அதற்கும் அடிமையாகிவிடுவேனோ என்று கேட்டிருந்தேன். இது குழாய்களை இறுக்குவதில்லை, அதனால் நிறுத்தினால் இப்படித் திருப்பி அடிக்காது என்றார்.

மார்ச் 10

மூக்கைத் துடைத்த துணியில் ரத்தக் கீற்று. போன் செய்து கேட்டபோது, எப்படி அடிக்கிறேன் என்பதைத்தான் முதலில் விசாரித்தார்கள். வலது கையால் வலது மூக்கில் அடித்துக்கொண்டிருந்தேன், முனை நடுச்சுவரைப் பார்த்து இருந்திருக்கிறது. கையை மாற்ற வேண்டுமாம்: வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை தானாகவே வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. தலையை அண்ணாக்காமல் லேசாகக் குனிந்து, மென்மையாக உறிஞ்ச வேண்டும். தொண்டையில் கசந்தால் அதிகமாக உறிஞ்சிவிட்டோம், மருந்து வீண். கீற்று தொடர்ந்தால் வரச் சொன்னார்கள்.

மார்ச் 13

காலையில் பல் தேய்க்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். இடது மூக்கிலிருந்து. வலதை விரலால் மூடிப் பார்த்தேன், மெல்லிய நூல் கனத்துக்குக் காற்று உள்ளே போனது. ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 17

இடது பக்கம் நன்றாகவே திறந்திருக்கிறது. ஒன்பது வாரமாகச் சொட்டு விட்ட வலதைவிட மேல். இன்றோடு வலதுக்கும் நிறுத்தம்.

மார்ச் 25

வலது பக்கம் எளிதாகத் தாண்டியது, ஆறாம் நாளே காற்று வந்துவிட்டது. ரத்தக் கீற்று அப்புறம் வரவில்லை. கழுவல் ஒரு நாளைக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது. ஸ்ப்ரேயை இன்னும் சில வாரம் தொடரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு விழித்தேன், வலது மூக்கு அடைத்திருந்தது. கை பழக்கத்தில் தலையணைக்கு அடியில் போய்விட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: நலமாக இருப்பவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறோமோ அந்தப் பக்கம் அடைக்கும். நான் வலப்பக்கம்தான் படுத்திருந்தேன். இடப்பக்கம் திரும்பிப் படுத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலது திறந்து, இடது லேசாக அடைக்க ஆரம்பித்தது.