டாக்டர்ஸ், நர்சஸ், 10.7: எம்ஐ கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால்

ஒரு சொல்லோடு எந்தெந்தச் சொற்கள் ஒட்டி வருகின்றன என்று தரவக மென்பொருளிடம் கேட்டால் நொடியில் பட்டியல் வந்துவிடும். அதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதுதான் வேலை. அதற்கு, இரு சொற்கள் தற்செயலைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்ந்து வருகின்றன என்று அளக்கும் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன், சுருக்கமாக எம்ஐ, கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது கென்னத் சர்ச்சும் பாட்ரிக் ஹாங்ஸும் 1990-இல் வெளியிட்ட கட்டுரையின் எண்களை. எம்ஐ என்ற இந்த அளவை அகராதிக்காரர்கள் கையில் கொடுத்தது அந்தக் கட்டுரைதான்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 1987-ஆம் ஆண்டின் அசோசியேட்டட் பிரஸ் செய்திகள், ஏறத்தாழ 1.5 கோடி சொற்கள். அதில் 'டாக்டர்ஸ்' 1105 முறையும் 'நர்சஸ்' 241 முறையும் வருகின்றன. முதல் சொல்லையும் சேர்த்து ஐந்து சொல் அகலமுள்ள சாளரத்துக்குள் 'டாக்டர்ஸ்' முன்னும் 'நர்சஸ்' பின்னுமாக வந்தது 30 முறை. கீழே f என்பது வந்த எண்ணிக்கை, N தரவகத்தின் மொத்தச் சொற்கள், E தற்செயலாக எதிர்பார்க்கும் எண்ணிக்கை.

```
E  = f(x) * f(y) / N
MI = log2( f(x,y) / E )
```

1105-ஐ 241-ஆல் பெருக்கி 1.5 கோடியால் வகுத்தால் 0.018 வருகிறது. இரண்டு சொற்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லாமல், கலைத்துப் போட்டாற்போல் கிடந்திருந்தால் இத்தனை முறைதான் சந்தித்திருக்கும். நடந்ததோ 30. கிட்டத்தட்ட 1690 மடங்கு. அதன் இரண்டடிமான மடக்கை 10.7. இங்கேயே ஒரு குழி இருக்கிறது. எக்செல்லில் `=LOG(1690)` என்று மட்டும் அடித்தால் பத்தடிமானத்தில் 3.2 என்று வரும். பைத்தானின் `math.log` இயல்பு மடக்கையில் 7.4 தரும். எம்ஐ 3-ஐத் தாண்டினால் கவனிக்கலாம் என்பது புழக்கத்தில் உள்ள வழக்கம் என்பதால், 3.2 பார்வைக்குச் சரியான விடைபோலவே இருக்கும். `=LOG(1690,2)` என்று அடிமானத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

வரிசையை மாற்றி 'நர்சஸ்' முன்னும் 'டாக்டர்ஸ்' பின்னும் தேடினால் 6 முறைதான், எம்ஐ 8.4-க்கு இறங்குகிறது. வரிசையைப் பொருட்படுத்தாமல் இடம் வலம் இரண்டையும் சேர்த்து எண்ணும் மென்பொருளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. எந்தச் சொல்லை முதலில் சொல்வது மரபு என்பது அகராதிக்கு வேண்டிய செய்தி. அதனால் இரு பக்கத்தையும் தனித்தனியே எண்ணிக்கொள்வது நல்லது.

எம்ஐ-யின் பெரிய நோய் அரிய சொற்கள்மீது அதற்குள்ள மோகம். இதே தரவகத்தில் ஒரே ஒருமுறை வரும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், எதுவாகவும் இருக்கலாம். கணக்குப்படி அந்த ஜோடியின் எம்ஐ 23.8. டாக்டரும் நர்சும் அதன் பாதியைக்கூட எட்டவில்லை! பட்டியலின் உச்சி முழுக்கக் குப்பையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சர்ச்சும் ஹாங்ஸும் 5 முறைக்கு மேல் சேர்ந்து வராத ஜோடிகளை ஒதுக்கிவிட்டார்கள். நானும் அதற்குக் கீழே போவதில்லை.

அடுத்த பாதுகாப்பாகப் பலர் டி-ஸ்கோரையும் பக்கத்தில் வைப்பார்கள். சேர்ந்து வந்த எண்ணிக்கையிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து, சேர்ந்து வந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது.

```
t = (f(x,y) - E) / sqrt(f(x,y))
```

'டாக்டர்ஸ்', 'நர்சஸ்' ஜோடிக்கு 5.5. 'டென்டிஸ்ட்ஸ்' 44 முறை வருகிறது. 'டாக்டர்ஸ்' சொல்லுக்குப் பின்னே 8 முறை. எம்ஐ 11.3, டி 2.8. இப்போது ஆங்கிலத்தின் 'எ' என்ற சுட்டைப் பாருங்கள்: 2,84,690 முறை வருகிறது, 'டாக்டர்ஸ்' சொல்லுக்கு முன்னால் 41 முறை. எம்ஐ ஒன்றுக்குச் சற்றுக் கீழே. ஆனால் டி 3.1. அதாவது பல்மருத்துவரைவிட 'எ' நெருங்கிய துணை என்கிறது டி-ஸ்கோர். பன்மைச் சொல்லுக்கு ஒருமைச் சுட்டு எப்படி நெருங்கிய துணை ஆகும்?

சிக்கல் சாளரத்தில் இருக்கிறது. மேலே உள்ள E ஓர் இடத்துக்கான எதிர்பார்ப்பு. நாம் தேடியதோ ஐந்து சொல் அகலத்தில், அதாவது முதல் சொல் போக நான்கு இடங்களில். இடம் கூடினால் தற்செயல் சந்திப்பும் அத்தனை மடங்கு கூடும்; E-யை 4-ஆல் பெருக்கியாக வேண்டும். பெருக்கினால் 'எ' வரவேண்டிய எண்ணிக்கை 21-லிருந்து 84 ஆகிறது. வந்தது 41. எம்ஐ −1.0, டி ஏறத்தாழ −7. துணை என்று தெரிந்தது உண்மையில் விலக்கம், இலக்கணமும் அதைத்தானே சொல்கிறது. பல்மருத்துவர் ஜோடியின் டி இந்தத் திருத்தத்தால் அசையவே இல்லை, ஏனென்றால் அதன் E எப்படியும் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கிறது. எம்ஐ மட்டும் எல்லா ஜோடிக்கும் ஒரே அளவாக 2 குறையும்.

இந்தப் பெருக்கலைச் சில மென்பொருள்கள் செய்கின்றன, சில செய்வதில்லை. ஒன்றில் 10.7, இன்னொன்றில் 8.7 என்று வந்தால் தரவைச் சந்தேகிக்கும் முன் வித்தியாசத்தைப் பாருங்கள். அது சாளரத்தில் தேடிய இடங்களின் எண்ணிக்கையின் இரண்டடிமான மடக்கைக்குச் சமமாக இருந்தால் விஷயம் இவ்வளவுதான். அகலத்தை எழுதாமல் எம்ஐ மதிப்பை மட்டும் கட்டுரையில் கொடுப்பவர்களோடு எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

எண் சரியானபின், தேடுசொல் வரும் வரிகளை அடுக்கிக் காட்டும் தொடரடைவுக்குப் போக வேண்டும். சர்ச், ஹாங்ஸ் பட்டியலில் உச்சியில் நிற்பது 'ஹானரரி', 'டாக்டர்' ஜோடி: 12 முறை, எம்ஐ 11.3. இது ஊசி போடும் டாக்டர் இல்லை, கௌரவப் பட்டம். இரு பொருளையும் எம்ஐ ஒன்றாகத்தான் எண்ணும். வரிகளைப் படித்தால்தான் பிரியும். தேடுசொல்லின் வலப்பக்க முதல் சொல்லால் ஒருமுறை, இடப்பக்க முதல் சொல்லால் ஒருமுறை அகரவரிசைப்படுத்திப் படியுங்கள். வரி வரியாக ஒரே வாசகம் அடுக்கிக்கொண்டு வந்தால் அது ஒரே செய்தி திரும்பத் திரும்ப வெளியானது. செய்தி நிறுவனத் தரவில் இது சகஜம். எத்தனை வெவ்வேறு கோப்புகளில் ஜோடி வருகிறது என்றும் எண்ணுங்கள். 12 முறையும் இரண்டே கோப்புகளில் என்றால் தள்ளிவிடலாம்.

இதையே தமிழ்த் தரவில் செய்யும்போது முதல் அடி சொற்பிரிப்பில் விழும்.

```python
import re, unicodedata
re.findall(r"\w+", "தமிழ் மழை")
# ['தம', 'ழ', 'மழ']
```

பைத்தானின் `\w` உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. 'தம', 'ழ' என்ற துண்டுகள் எப்போதும் சேர்ந்தே வருவதால் எம்ஐ அவற்றை உச்சியில் கொண்டுபோய் வைக்கும். பட்டியலின் மேலே ஓரெழுத்துத் துண்டுகள் தெரிந்தால் உடனே இங்கே வாருங்கள்.

```python
text = unicodedata.normalize("NFC", text)
words = re.findall(r"[\u0B80-\u0BFF]+", text)
```

முதல் வரி எதற்கென்றால், 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சிலர் அடித்திருப்பார்கள். திரையில் ஒன்றுபோல் இருந்தாலும் எண்ணும்போது இரண்டு சொல்லாகிவிடும்.

அதன்பின் வேற்றுமை. மருத்துவர், மருத்துவரிடம், மருத்துவருக்கு, மருத்துவர்களும் என்று ஒரு சொல் பல வடிவங்களில் சிதறுவதால் ஒவ்வொரு ஜோடியும் 5 என்ற வாசலுக்குக் கீழே நின்றுவிடும். அடிச்சொல்லாக்கிச் சேர்த்தால் எண்ணிக்கை தேறும். ஆனால் 'மருத்துவர்களும் செவிலியர்களும்' என்று இரு பக்கமும் 'உம்' ஏறி வருவதுதான் அந்த இணையின் உருவம், சேர்த்தவுடன் அது காணாமற்போகும். அதனால் ஜோடியைப் பிடிக்க அடிச்சொல் தரவில் ஒருமுறையும், பிடித்தபின் உருவத்தைப் பார்க்க மூலத் தரவில் ஒருமுறையும் ஓட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு ஓட்டத்திலும் N ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிச்சொல்லாக்கும் கருவி கூட்டுச்சொல்லைப் பிரித்திருந்தால் மாறியிருக்கும்.