நான் இருந்த இடத்தில் அவள்

ஜூன் 3

என் நாட்குறிப்பின் மார்ச் 9-ஆம் தேதிப் பக்கத்தைப் படர்க்கையில் எழுதத் தொடங்கினேன். மூலத்தில் இருப்பது இவ்வளவுதான்:

“அம்மாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அவளுடைய கண்ணாடி என் கையில் இருக்கிறது. துடைத்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது. நாளை இந்நேரம் தெரிந்துவிடும். நன்றாகத்தான் இருக்கிறேன்.”

வாக்கியம் வாக்கியமாக அப்படியே மாற்றினால் இப்படி வருகிறது:

“அம்மாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அவளுடைய கண்ணாடி அவள் கையில் இருந்தது. அவள் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அந்நேரம் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள்.”

இலக்கணப்படி பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மருத்துவமனை நடைபாதையில் யாருமே இல்லாதது போல் இருக்கிறது. யாருடைய கண்ணாடி, யாருடைய கை? இரண்டு பெண்களும் ஒரே ‘அவள்’ ஆகிவிட்டார்கள்.

பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். அதுவரை கைக்கு ஒரு வேலை வேண்டும்.

ஜூன் 4

தூக்கம் இல்லை.

ஜூன் 5

இரண்டு ‘அவள்’களைப் பிரிக்க எளிதான வழி ஒன்று உண்டு. அம்மாவுக்கு ‘ஆர்’ விகுதி போட்டுவிட்டால் போதும்: அம்மா வந்தார், அம்மா திரும்பிப் பார்த்தார். குழப்பம் உடனே தீர்ந்துவிடும். எழுதியும் பார்த்தேன். அம்மா வேறு யாருடைய அம்மாவாகவோ ஆகிவிட்டாள். வாழ்நாள் முழுவதும் ‘நீ, வா, போ’ என்று பேசிய ஒருத்திக்குக் கதைசொல்லி திடீரென மரியாதை கொடுத்தால், அந்த மரியாதையின் அளவுக்கு மகளும் தள்ளிப் போய்விடுகிறாள். ‘அவளுடைய தாய்’ என்று எழுதுவது அதைவிட மோசம். மருத்துவப் பதிவேட்டில் இருக்க வேண்டிய சொல் அது.

வேறொரு வழி இருக்கிறது. ‘தன்’ என்பது பொதுவாக அந்த வாக்கியத்தின் வினையைச் செய்கிறவரையே சுட்டும். அதனால் கண்ணாடியை எழுவாயாக விடாமல் மகளை எழுவாயாக்கினேன்: “தன் கையிலிருந்த அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.” கை மகளுடையது, கண்ணாடி அம்மாவுடையது. ‘அவள்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. ‘அம்மா’ என்ற சொல்லையும் ‘யாருடைய’ என்ற விளக்கம் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். படர்க்கைக்குள் அந்த ஒரு சொல் மகளின் வாயிலிருந்து வருகிறது. எத்தனை தூரம் தள்ளி நின்று சொன்னாலும் அது இருக்கும்வரை நூல் அறுந்துபோகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. அந்தப் பகலில் தொலைபேசியைப் பார்க்கவே இல்லை. அது நல்லதுதான்.

ஜூன் 6

தம்பி அழைத்தான். “முடிவு வந்ததா அக்கா?” இல்லை என்றேன். “என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 7

இன்று முழுவதும் ‘பயமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தோடு போராட்டம்.

‘அவளுக்குப் பயமாக இருந்தது’ என்று எழுதினால் அது ஓர் அறிக்கை. வெளியே நிற்கும் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வது போல் இருக்கிறது. ஒதுங்கி நின்று சொல்ல வேண்டும் என்பதால் முதலில் அந்த வரியையே நீக்கினேன். துடைப்பதைக் காட்டினால் பயம் தானே தெரியும் என்று எழுதுபவர்கள் சொல்வார்கள். தம்பிக்கு அனுப்பினேன். “யாரோ சுத்தமான பெண் கண்ணாடி துடைக்கிறாள்” என்றான். அவன் சொல்வது சரி. ஒரு செயலை மட்டும் வைத்தால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம்.

அடுத்து ‘பயத்தில் துடைத்துக்கொண்டே இருந்தாள்’. இது பொய். அன்று எனக்கு அந்தக் காரணம் தெரியாது. கை முதலில் துடைக்கத் தொடங்கியது. பயம் என்று பிறகுதான் தெரிந்தது. நாட்குறிப்பில் வாக்கியங்கள் இருக்கும் வரிசையே அதற்குச் சாட்சி. வரிசையை மாற்றிக் காரணம் காட்டினால், நடந்து முடிந்த பின் வந்த அறிவு அன்றைய நாளுக்குள் கசிந்துவிடுகிறது.

மாலையில் மூலத்தை மறுபடி உரக்கப் படித்தேன். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று நான் அன்று எழுதவே இல்லை. ‘பயமாக இருக்கிறது.’ அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் ‘எனக்கு’ம் இல்லை, ‘அவளுக்கு’ம் இல்லை. பயத்துக்கு உரியவர் பெயரைச் சொல்லாமலே தமிழில் பயப்பட முடியும். அப்படியானால் காலத்தை மட்டும் மாற்றினால் போதும்: “பயமாக இருந்தது.” ‘அவளுக்கு’ வேண்டாம். அது கதைசொல்லிக்கும் பொருந்துகிறது, அவளுக்கும் பொருந்துகிறது, இப்போது இதை எழுதும் எனக்கும் பொருந்துகிறது. எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

ஜூன் 8

அழைப்பு இல்லை. ஞாயிறு என்பதை மறந்து மூன்று முறை கேட்டுவிட்டான் தம்பி.

‘நாளை இந்நேரம் தெரிந்துவிடும்’ என்ற வரியை மாற்றவில்லை. இறந்தகால வாக்கியங்களின் நடுவே அது அப்படியே நிற்கட்டும். ‘என்று நினைத்தாள்’ என்ற வாலை வெட்டிவிட்டேன். அந்த வால் இருந்தால் அது அவள் நினைத்தது. இல்லாவிட்டால் அந்த நிமிடமே. ‘மறுநாள் அந்நேரம்’ என்று மாற்றும்போது மறுநாள் ஏற்கெனவே நடந்து முடிந்துவிடுகிறது. காத்திருப்பவருக்கு ‘நாளை’தான் இருக்கிறது, ‘மறுநாள்’ இல்லை.

ஜூன் 9

காஃப்கா 1922-இல் ‘கோட்டை’ நாவலைத் தன்மையில்தான் எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்கள் எழுதிய பிறகு கதாநாயகனை ‘கே.’ என்று படர்க்கைக்கு மாற்றி, பின்னால் போய் முன்பு எழுதிய ‘நான்’களையும் அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் படியில் அந்த அடித்தல்கள் இருக்கின்றன. ஏன் மாற்றினார் என்று யாராவது விளக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ‘நான்’ என்று எழுத முடியாத பக்கம் ஒன்று வரும். வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைசி வரி இன்னும் மீதி. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று தன்மையில் எழுதினால் அது பொய் என்று படிப்பவருக்குத் தெரியும். அந்தத் ‘தான்’ காட்டிக்கொடுத்துவிடும். ‘நன்றாகத்தான் இருந்தாள்’ என்றால் பொய் சொல்வது கதைசொல்லி. அவர் சொல்வதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இங்கே அவரைப் பொய்யராக்கினால் பயமும் பொய்யாகிவிடும். தொலைபேசியில் யாரிடமோ அவள் அப்படிச் சொன்னதாக மாற்றலாம். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. தாளில்தான் சொன்னேன்.

ஆமாம், தாளில்தான். அதுவும் அன்று நடந்த ஒரு செயல்தானே!

“அம்மாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். தன் கையிலிருந்த அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பயமாக இருந்தது. நாளை இந்நேரம் தெரிந்துவிடும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதினாள்.”

ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் தன்மைக்கு மாற்றிப் படித்தேன். அன்று நான் சொல்லியிருக்க முடியாத வாக்கியம் ஒன்று இருந்தாலும் அது கதைசொல்லி சேர்த்த சரக்கு. ஒன்றும் இல்லை. மூலத்தைவிட ஒரு சொல்கூட அதிகமாக உணரவில்லை இவள்.

ஜூன் 10

மார்ச் 10-ஆம் தேதிப் பக்கம் காலியாக இருக்கிறது. நாட்குறிப்பில் காலிப் பக்கம் பேசும். படர்க்கையில் அதற்கு என்ன செய்வது? ‘மறுநாள் அவள் எதுவும் எழுதவில்லை’ என்றால் அதற்குள் ஒரு காரணம் தொக்கி நிற்கிறது. வெறும் இடைவெளி விட்டால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். அவளுக்கு எழுத எதுவும் இல்லாமல் இல்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க

அழைக்கிறார்கள். எடுக்கிறேன்.