மாசா மாசம் அதே தலைப்பு, அதே வசனம்

பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருந்தா ஒரு வேலை தானா வந்து தலையில விழும், கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதுறது. எனக்கு விழுந்தது மாதாந்த டெங்கு கட்டுப்பாட்டுக் குழு. பிரதேச செயலர் தலைமை, எம்.ஓ.எச் பணிமனையில இருந்து டொக்டரும் பீ.எச்.ஐ மாரும், பிரதேச சபை ஆக்கள், வலயக் கல்விப் பணிமனையில இருந்து ஒராள், பொலிஸ், விதானைமார். நிகழ்ச்சி நிரல் ஒவ்வொரு மாசமும் ஒண்டுதான். முன்னைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்துறது, அதில எழும் விடயங்கள், நோயாளர் நிலை, வீட்டுப் பரிசோதனை, குப்பை அகற்றல், பாடசாலைகள், ஏனையவை. திகதியை மட்டும் மாத்தி பிரிண்ட் எடுக்கிறது.

தலைப்பு மாறாததால அறிக்கையும் மாறாமப் போறதுதான் இதில உள்ள கரைச்சல். பழைய மினிட்ஸைப் புரட்டிப் பாத்தா "குப்பை அகற்றும் நடவடிக்கைகள் தொடர்ந்து முன்னெடுக்கப்பட்டு வருகின்றன" எண்ட வசனம் மாசா மாசம் அப்பிடியே கிடக்கும், அதை வாசிச்சு குப்பை கூடினதா குறைஞ்சதா எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. இன்னொரு பக்கம் சிலர் டெங்கு எப்பிடி வருது எண்டதில இருந்து துவங்கி அரை மணித்தியாலம் கதைப்பினம், மேசையில இருக்கிற எல்லாருக்கும் அது தெரிஞ்ச விசயம், கடைசியில பாடசாலைத் தலைப்பு வரேக்க கல்விப் பணிமனை மிஸ் பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு எழும்பியிடுவா.

சுருக்கமாச் சொல்லுறது எண்டா என்னெண்டு எனக்கு வடிவா விளங்கினது ஒரு பீ.எச்.ஐ அண்ணையின்ர வீட்டுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டபிறகுதான். விளங்கிறதுக்காக இலக்கங்களை உருட்டி எழுதுறன். "போன வெள்ளி மட்டும் கணக்கு. பாத்த வீடு 200, குடம்பி இருந்தது 14, அது நூற்றுக்கு 7, போனமுறை 5. கூடினது ரெண்டு ஜீ.எஸ் பிரிவில மட்டும். 14ல 9 வீட்டில தண்ணித் தொட்டி, மிச்சம் டயரும் சிரட்டையும். சபையிட்ட ஒண்டு கேக்கிறம், வாற புதன் அந்த ரெண்டு பிரிவுக்கும் டிராக்டர் வேணும்." அவ்வளவுதான், ஒரு நிமிசமும் ஆகேல்ல. செயலர் சபை ஆளைப் பாத்தார், அவர் "புதன் ஏலாது சேர், வியாழன் அனுப்பலாம்" எண்டார், நான் "வியாழன்" எண்டு எழுதினன். முடிஞ்சுது.

அதில என்னென்ன இருந்தது எண்டு பாருங்கோ. கணக்கு எந்த நாளோட நிக்குது எண்டது முதல் வந்திட்டுது. இது சின்ன விசயம் மாதிரிக் கிடக்கும், ஆனா ஒரு மாசம் கூட்டத்துக்கு முதல்நாள் மட்டும் கணக்கெடுத்து அடுத்த மாசம் பத்து நாளுக்கு முதலே நிப்பாட்டினா ரெண்டு இலக்கத்தையும் பக்கத்தில வைக்கேலாது, அதால எப்பவும் ஒரே மாதிரி, கூட்டத்துக்கு முந்தின வெள்ளியோட வெட்டிறது நல்லம். பிறகு போனமுறை இலக்கம். தனிய 7 எண்டா கூடவோ குறைவோ எண்டு ஆருக்குத் தெரியும்? பிறகு எங்க, எதில எண்டது. தொட்டி எண்டா தேய்ச்சுக் கழுவி மூடச் சொல்லி வீட்டுக்காரரிட்டப் போகவேணும், சிரட்டை டயர் எண்டா டிராக்டர் வேணும், ஆர் என்ன செய்யிறது எண்டது அதிலதான் பிரியுது. கடைசியா ஒரு ஆளிட்ட, ஒரு நாளோட, ஒரு கேள்வி. "சம்பந்தப்பட்ட அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்" எண்டு கேட்டா ஒருத்தரும் தன்னைக் கேட்டதா நினைக்க மாட்டினம்.

அந்த 200ஐச் சொல்லாம விடுற பழக்கம் கனபேரிட்ட இருக்கு. "இந்தமுறை 14 வீட்டில இருந்தது, போனமுறை 9 வீடு" எண்டு மட்டும் சொன்னா பெரிசாக் கூடின மாதிரி, ஆனா போனமுறை பாத்ததே 180 வீடுதான், 9ஐ 180ஆல பிரிச்சா 5 வீதம். அதோட வீடு எப்பிடித் தெரிவு செய்தது எண்டும் ஒரு சொல் வேணும். நோயாளர் வந்த வீடுகளைச் சுத்தி மட்டும் பாத்தா வீதம் இயல்பாவே கூட வரும், ஒழுங்கை ஒழுங்கையா பொதுவாப் பாத்தா குறையும். முறை மாறின மாசம் அதைச் சொல்லாட்டி, கூடினது நுளம்பில்லை, பாத்த விதம்தான் எண்டது கூட்டத்துக்குத் தெரியாமலே போயிடும்.

நோயாளர் தலைப்பையும் பரிசோதனைத் தலைப்பையும் ஒரே மாசத்துக்குள்ள முடிச்சுப் போடுறதும் பிழைக்கும். முட்டை பொரிச்சு நுளம்பாகிறதுக்கு ஒரு கிழமை பத்து நாள், தொற்றின நுளம்பு கடிச்சபிறகு காய்ச்சல் வர 4 தொடக்கம் 10 நாள், இடையில அந்த நுளம்பு தொற்றெடுத்துப் பரப்பத் தயாராகவும் நாள் போகும். அப்ப இண்டைக்குப் பதிவாகிற நோயாளர் சில கிழமைக்கு முந்தின தொட்டியின்ர கணக்கு. "குடம்பி கூடியிருக்கு, ஆனா நோயாளர் குறைவுதானே, பரவாயில்லை" எண்டு ஒராள் சொன்னா அங்க மறிச்சு இதைச் சொல்லத்தான் வேணும், அந்த ரெண்டு நிமிசம் வீணில்லை.

"அறிக்கையிட ஒன்றுமில்லை" எண்டதை நான் மினிட்ஸில அப்பிடியே எழுதுறதை விட்டிட்டன். பாத்தும் மாற்றமில்லையா, இல்லாட்டி பாக்கவே இல்லையா? ரெண்டும் வேற. பாடசாலைத் தலைப்பில "இல்லை மிஸ்" எண்டு பதில் வந்தா நான் திருப்பிக் கேப்பன், எத்தினை பள்ளிக்கூடம் போனனியள் எண்டு. முதல் முதல் கேட்டபோது கொஞ்சம் முறைச்சவை, பேந்து தாங்களாவே "6 பள்ளிக்கூடம் பாத்தம், ஒண்டிலையும் இல்லை" எண்டு சொல்லப் பழகியிட்டினம். விடுமுறை மாசம் எண்டா "பாக்கேல்ல, விடுமுறை" எண்டு எழுதினாலும் எனக்குக் காணும், அடுத்தமுறை எங்க துவங்கிறது எண்டாவது தெரியும்.

மற்றது "எழும் விடயங்கள்" எண்ட தலைப்பு. டிராக்டர் வந்ததா எண்டு அங்கையும் கேட்டு, பேந்து குப்பைத் தலைப்பிலையும் அதையே கதைக்கிறது. எங்கட கூட்டத்தில நிலையான தலைப்புக்குச் சொந்தமான விசயத்தை அந்தத் தலைப்பிலேயே விட்டிட்டம், எழும் விடயங்களில வேற இடமில்லாதது மட்டும். ஒரே வேலை மூண்டு கூட்டமா "நடைபெறுகிறது" எண்டு நிண்டா அடுத்தமுறை அதை அறிக்கையா எடுக்கிறதில்லை, ஏன் நிக்குது, வேற ஆரிட்டக் குடுக்கிறது எண்டு கேள்வியா எடுக்கிறது. இதுக்குச் செயலர் சம்மதிக்காட்டி மினிட்ஸ் எழுதுற ஆளால ஒண்டும் செய்யேலாது, அதையும் சொல்லத்தான் வேணும்.

கோடைக்குள்ள வீட்டுப் பரிசோதனைத் தலைப்பே தேவையில்லை எண்டு சிலர் சொல்லுவினம். நான் எடுக்க விடமாட்டன். தண்ணி தட்டுப்பாடெண்டாத்தான் சனம் வாளியிலையும் தொட்டியிலையும் பிடிச்சு வைக்குது. அந்த மாசங்களுக்கு ஒரு வரி காணும். மாரி துவங்கி நோயாளர் ஏறுற மாசங்களில மட்டும் இந்த ஒரு நிமிச அறிக்கை சரிவராது, அப்ப வீட்டுப் பரிசோதனையை நிலையான தலைப்பில இருந்து தூக்கி, பிரிவு வாரியாக் கதைக்கிற தனி விடயமா முதல் வைக்கவேணும், மிச்சம் எல்லாத்தையும் கூட்டத்துக்கு முதலே எழுத்தில வாங்கி வைச்சா சரி.