உறுப்பு 22 கேள்வியில் மணிக்கணக்கு பார்ப்பது எப்படி

கைது குறித்த பாதுகாப்புகளைத் தேர்வுக்குப் படிக்கும்போது அரசமைப்பின் உறுப்பு 22-ஐ வரி வரியாக மனப்பாடம் செய்வது எனக்கு அதிகம் உதவவில்லை. ஒரு சம்பவத்தை எடுத்து நேரம் எழுதி, சட்டம் எங்கே மீறப்படுகிறது என்று தேடியபோதுதான் பிடிபட்டது. அப்படி ஒன்றை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒருவரை அவர் வீட்டிலிருந்து போலீஸ் பிடித்துச் செல்கிறது. நிலையத்திலேயே இரவு முழுவதும் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை 9 மணிக்குக் கைது செய்ததாகப் பதிவு. மாலை 6.40-க்கு, சட்டப் பிரிவு எண்களும் ‘விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்ற வரியும் மட்டும் கொண்ட ஆங்கிலத் தாள் கையில் தரப்படுகிறது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இரவு 7 மணிக்கு குற்றவியல் நடுவர் முன் நிறுத்துகிறார்கள். வீட்டிலிருந்து நடுவர் நீதிமன்றத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது உறுப்பு 22(2). பதிவேட்டின்படி பார்த்தால் 10 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. பலரும் இங்கேயே ஏமாந்துபோகிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவுப்படி, உடலைத் தொட்டோ அடைத்தோ பிடிப்பதே கைது. சொல்லாலோ செயலாலோ ஒருவர் காவலுக்கு உட்பட்டாலும் கைதுதான். பதிவேட்டில் எழுதும் நேரம் அதை மாற்றாது. ஆகவே கணக்கு சனி மாலை 4 மணிக்கே தொடங்குகிறது. 24 மணி நேரத்தோடு பயணத்துக்கான ஒரு மணியைச் சேர்த்தால் கெடு ஞாயிறு மாலை 5 மணி. நிறுத்தியது 7 மணிக்கு. இரண்டு மணி நேரம் சட்டவிரோதக் காவல்.

கழிக்கப்படும் பயண நேரம், கைது செய்த இடத்திலிருந்து நடுவர் நீதிமன்றம் வரை செல்லத் தேவையான நேரம் மட்டுமே. நிலையத்தில் விசாரித்த நேரம் அதில் சேராது. ஞாயிறு என்பதும் கழிவாகாது. விடுமுறையில் நடுவரின் வீட்டிலேயே நிறுத்தலாம். பழைய சட்டத்தின் 57-ஆம் பிரிவுக்கு ஈடான இன்றைய 58-ஆம் பிரிவில், அந்த நடுவருக்கு வழக்கில் அதிகார வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்பது சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘அதிகார வரம்புள்ள நடுவர் கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம்’ என்ற பதில் இனி நிற்காது.

அடுத்தது தாள். உறுப்பு 22(1), 47-ஆம் பிரிவு இரண்டும் கைதுக்கான காரணங்களைத் தெரிவிக்கச் சொல்கின்றன. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. சாட்சியைக் கலைப்பதைத் தடுக்க, முறையாக விசாரிக்க என்பவை யாருக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள். இவர் என்ன செய்தார், எந்த உண்மைகள் இவரைக் குற்றத்தோடு இணைக்கின்றன என்பதே அரசமைப்பு கேட்கும் காரணங்கள். அது தெரியாமல் வழக்கறிஞர் எதை வைத்து ரிமாண்டை எதிர்ப்பார்? ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது முதல் வகை. ஆகவே தாள் இருந்தும் காரணம் சொல்லப்படவில்லை.

மொழியும் நேரமும் அடுத்த ஓட்டைகள். எழுத்தில் தர வேண்டும் என்பதை 2023-இல் பங்கஜ் பன்சால் தீர்ப்பு பணமோசடித் தடுப்புச் சட்டக் கைதுகளுக்குச் சொன்னது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே தர முடியாத சூழலில் முதலில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தாளைத் தர வேண்டும். நம் சம்பவத்தில் இடைவெளி 20 நிமிடம், அதுவும் ஆங்கிலத்தில்.

விளைவைச் சரியாக எழுதுவதில்தான் நல்ல விடை தனித்துத் தெரியும். கைதும் அதைத் தொடர்ந்த ரிமாண்டும் சட்டவிரோதம். அவரை விடுவிக்க வேண்டும். ஆனால் வழக்கு ஒழிந்துவிடாது. காரணம் தெரிவிக்காததால் விசாரணையோ குற்றப்பத்திரிகையோ செல்லாததாகாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் தீர்ப்பு சொல்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானதால் பழைய கைது செல்லுபடியாகிவிடும் என்பதும் தவறு. எழுத்தில் காரணங்களைக் கொடுத்துவிட்டு போலீஸ் மீண்டும் ரிமாண்ட் கோரலாம்.

கேள்வியில் ‘தடுப்புக் காவல்’ என்ற சொல் வந்தால் இந்தக் கணக்கு முழுவதையும் ஓரம் வையுங்கள். உறுப்பு 22(3)-ன்படி அதற்கும் எதிரி நாட்டவருக்கும் 22(1), (2) பொருந்தாது. அங்கே 22(5)-ன்படி காரணங்களைத் தெரிவித்து, முறையிட வாய்ப்புத் தர வேண்டும். ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி 3 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. இதை 2 மாதமாகக் குறைக்க 44-ஆவது திருத்தம் வழி செய்தாலும் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவில்லை என்பதால், ‘3 மாதம்’ என்றே எழுதுங்கள்.