அம்மாவுக்கு மூன்று முறை வந்த கருப்பு

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.1 என்று வந்ததும் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மலம் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார். உடம்பு உறிஞ்சிக்கொள்ளாமல் விட்ட இரும்பு, குடலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கருப்பாகிறதாம். நான்காம் நாள் அப்படியே ஆனது. கட்டியாக, சற்று இறுகியிருந்தது. தண்ணீர் பட்ட ஓரம் கரும்பச்சையாகத் தெரிந்தது. வழக்கத்தை மீறிய நாற்றம் எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா, "எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுகிறதப்பா" என்றார். அன்றைக்கு மட்டும் மூன்று முறை கழிப்பறைக்குப் போயிருந்தார். மாத்திரைக் கருப்புதானே என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இந்தக் கருப்பு வேறாக இருந்தது. தார் போல மினுமினுத்து, பீங்கானில் ஒட்டிக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. கரைந்து ஓடிய நீரில் செம்மை தெரிந்தது. நாற்றம் கூடம் வரை வந்தது. இரைப்பையில் கசியும் இரத்தம் குடல் வழியே வரும்போது செரிமானமாகிறது, அதனால்தான் அந்தப் பசையும் வாடையும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் முதலில் கேட்டது, "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா?" என்பதுதான். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி வந்திருக்கிறார். ஹீமோகுளோபின் 7.6. மூன்று வாரம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு ஏறத்தாழ 1 கிராமாவது கூடியிருக்க வேண்டும். குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்றார். எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண் தெரிந்தது, அதிலேயே கிளிப் போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தது.

கிருமிக்குக் கொடுத்த 14 நாள் மருந்துகளில் பிஸ்மத்தும் ஒன்று. மறுபடியும் கருப்பு! இம்முறை நாக்கும் கருத்திருந்தது. பிஸ்மத்தும் கந்தகத்தோடு சேர்ந்து கருக்கும், அது எச்சிலிலேயே தொடங்கிவிடுகிறது. "இந்த நாட்களில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பசை, நாற்றம், தலைசுற்றல், படபடப்பு, இரத்த வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வாருங்கள்" என்றார் மருத்துவர். தினமும் காலையில் நான் பார்த்தேன். அம்மா கூச்சப்பட்டார், நான் விடவில்லை. கட்டியாகவே போனது, தண்ணீர் ஊற்றியதும் அகன்றது.

மருந்து முடிந்த நான்காம் நாள் நாக்கு தெளிந்து மலமும் பழுப்புக்குத் திரும்பியது. அதன் பிறகுதான் இரும்பு மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார்கள். கருப்பும் திரும்பியது, ஓரத்தில் அதே பச்சையோடு. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.2. டைக்ளோஃபெனாக் அட்டைகளை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.